கொயரிடம் விடைபெறுகிறவர் பேச வேண்டிய உரை

பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லாருடைய பேச்சுக்கும் உதவிக்கு ஆள் இருக்கும். வரவேற்புரையைச் செயலாளர் எழுதிக் கொடுப்பார். வாழ்த்துரைக்குக் குறிப்புகள் தேடி உங்கள் வீட்டுக்கே இரகசியமாகத் தொலைபேசி எடுப்பார்கள். நன்றியுரைக்குப் போன வருடத்துத் தாள் இருக்கும், பெயர்களை மாற்றினால் போதும். விடைபெறுகிறவர் கடைசியில் சொல்ல வேண்டிய ஏற்புரைக்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை. அது அவருடைய சொந்த விஷயம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளவத்தைப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் தமிழ்ப் பாடகர் குழுவை 1999 தொடக்கம் நடத்தி வந்தேன். இத்தனை வருடத்தில் என் நெருங்கிய சிநேகிதிகள், என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் கதைப்பவர்கள் எல்லாருமே அந்தக் கொயருக்குள்ளேயே சேர்ந்துவிட்டார்கள். பேச்சை யாரிடம் வாசித்துக் காட்டுவது? காட்டக்கூடிய ஒவ்வொருவருக்கும் அந்தப் பேச்சில் ஒரு வரி இருக்கிறதே. 2024இல் நான் விடைபெற்றபோது இதைத் தனியாகத்தான் சமாளித்தேன். எந்தக் கரோல் ஆராதனைக்கும் இப்படிப் பயந்ததில்லை. அடுத்து விடைபெறப் போகிறவருக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் விட்டேன் என்பது. காது. வயது போகப் போக முதலில் குறைவது மேல் அதிர்வெண்கள்தான். சுரம் விளங்கும், ஆனால் சொல்லின் ஓரத்தில் வரும் ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் மங்கும். நாற்பது பேர் ஒரு சொல்லை ஒன்றாக முடிக்கிறார்களா, இல்லை வால் போல இழுபடுகிறதா என்று கேட்பதுதான் கொயர் நடத்துகிறவருடைய பாதி வேலை. எனக்கு அது கேட்காமல் போகத் தொடங்கியது. இதை மேடையில் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. ஏற்புரையில் புதிய செய்தி எதுவும் இருக்கக்கூடாது. நான் அங்கே சொல்லியிருந்தால் பிறகு பேசிய ஒன்றையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லாரும் என் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அதனால் கூட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கொயருக்கு மட்டும் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஒரு டெனர் தம்பி மட்டும், "அப்ப ரீச்சர், நான் சில வசனத்தை விழுங்கிறது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். அது தெரிந்துதான் இருந்தது.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். அதிகத் தலையிடி தந்தது இதுதான், காசும் இதில்தான் போனது. விழாக் குழு ஒரு சிறு மலர் அச்சடித்தது. அதன் கடைசிப் பக்கத்தில் "இவ்வளவு காலமும் பாடியவர்கள்" என்று ஒரு பட்டியல். அச்சுக்குப் போன பிறகுதான் ஒரு பிரதி என் கைக்கு வந்தது. பார்த்தால் 46 பெயர். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். வட்ஸ்அப் குழுவிலிருந்து. அந்தக் குழு தொடங்குவதற்கு முன்பு கனடா போனவர்கள் அதில் இல்லை, செத்தவர்கள் இல்லை, தொலைபேசியே வைத்திருக்காத அன்ரிமார் இல்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு அந்தக் குழுதான் கொயர். ஆனால் மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கப்போகிற ஒரு விதவை தன் கணவர் பெயரைத் தேடி அந்தப் பக்கத்தைப் புரட்டுவார் என்பது எனக்குத் தெரியும்.

என்னிடம் வரவுக் கொப்பிகள் இருந்தன. 1999இலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் யார் வந்தார்கள் என்று சீ.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்த பழக்கம். கொழும்பு ஈரத்தில் சில பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன, ஆனால் வாசிக்கலாம். உட்கார்ந்து எண்ணினால் 163 பெயர் வந்தது. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்கள், இப்போது எங்கே என்று தெரியாதவர்கள், எழுத்து எப்படி என்று நிச்சயமில்லாதவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இங்கே மாலையில் எடுத்தால் ரொறன்ரோவில் காலை, அவர்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இரவு எடுத்தால் லண்டன்காரர் அப்போதுதான் வேலை முடிந்து ரயிலில் இருப்பார்கள். கடைசியில் எல்லாப் பெயரையும் ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கமும் போட்டு, மடித்து, மலருக்குள் செருகினோம். 150 பிரதிக்குத் தட்டச்சும் அச்சுமாக 11,000 ரூபாய் போனது, என் கையிலிருந்து. மலரை மறுபடி அடிக்கப் போயிருந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும். ஆகவே விழாக் குழு அமைந்த அன்றைக்கே பழைய வரவுக் கொப்பியைத் தூக்கி அவர்கள் கையில் கொடுங்கள். பெயர்ப் பட்டியலின் முதல் படியைப் பழைய பாடகர் இரண்டு மூன்று பேர், ஒவ்வொரு காலத்துக்கும் ஒருவராக, பார்க்கட்டும். "விடுபட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று ஞாயிறு அறிவிப்பில் ஒரு வரி போடுங்கள். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை.

அந்தப் பட்டியலை மேடையில் வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. வீட்டில் கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு பெயருக்கு இரண்டரை விநாடி. 163 பெயருக்குக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். ஏழு நிமிடம் பெயர் கேட்பவர் தன் பெயர் வரும்வரை காத்திருப்பார், வந்த பிறகு கேட்க மாட்டார். அதைவிட மோசமானது, சிலருக்கு மட்டும் பெயர் சொல்லிச் சிலரை விடுவது. எனவே ஒரு விதி வைத்தேன்: பெயர் தாளில் இருக்கும், வாயில் வராது. பேச்சில் வருவது செய்த காரியம் மட்டும். இந்த விதியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயர் வரும் என்று காத்திருப்பார்கள். நான் இப்படித் தொடங்கினேன்: "உங்கள் எல்லாருடைய பெயரும் நடுவில் செருகிய தாளில் இருக்கிறது, வீட்டுக்குப் போய் எழுத்துப் பிழை பிடியுங்கள். நான் பெயர் சொல்லப் போவதில்லை. நீங்கள் செய்ததைச் சொல்வேன், யார் என்று உங்களுக்கே தெரியும்." சிரித்தார்கள். இறுக்கம் குறைந்தது.

செய்த காரியம் என்று சொன்னேன் அல்லவா, அதை எழுதுவதுதான் உண்மையில் கஷ்டம். முதலில் எழுதியதில் "உங்கள் அர்ப்பணிப்பு", "தன்னலமற்ற சேவை" என்றெல்லாம் வந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு கிரிக்கெட் கழகத்தில் வாசிக்கலாம். பிறகு பெண்களின் மேல்குரலான சொப்ரானோ, கீழ்க்குரலான அல்டோ, ஆண்களின் மேல்குரலான டெனர், கீழ்க்குரலான பேஸ் என்று நான்கு குரலையும் தனித்தனியே எடுத்து, அந்தக் குரலுக்கே உரிய சிரமம் எது என்று கேட்டேன். அங்கிருந்து பேச்சு தானாக வந்தது.

அல்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சொப்ரானோ பாடுவது மெட்டு, வீட்டுக்குப் போகும் வழியிலும் அதை முணுமுணுக்கலாம். அல்டோவின் வரி ஒரே சுரத்தில், அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களில், வரிக்கணக்காக நிற்கும். தனியாகக் கேட்டால் அது பாட்டுப் போலவே இருக்காது. ஆனால் ஒத்திசையின் மூன்றாம் சுரம் பலமுறை அவர்களிடம்தான் இருக்கும், அவர்கள் நிறுத்தினால் பாட்டு வெறும் எலும்பாகக் கேட்கும். நான் அவர்களிடம் சொன்னது: "யாரும் வீட்டில் முணுமுணுக்காத வரியை இருபத்தைந்து வருடம் பாடியிருக்கிறீர்கள். ஆராதனை முடிந்து வெளியே போகும்போது ஒருவர்கூட உங்களிடம் வந்து அல்டோ நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்க மாட்டார். இன்றைக்கு நான் சொல்கிறேன்." இந்த இடத்தில் அவர்களில் மூத்த அன்ரி ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. அவர் முன்னைய நாட்களில் போட்டோக் கொப்பி எடுக்கக் காசில்லாதபோது அல்டோ வரியை, சுரங்களை எழுத்தால் குறிக்கும் சொல்ஃபா முறையில் கையால் எழுதி எழுதிப் பங்கிட்டவர். எங்கள் பக்கத்துக் கொயர்களில் மூத்தவர்கள் சொல்ஃபா எழுத்தையும், இப்போது பியானோப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகள் ஐந்து கோட்டு முறையையும் வாசிப்பார்கள், ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விதமாகவும் வைத்திருக்க வேண்டும். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் வேறு அடிக்க வேண்டும். இந்த மூன்றையும் யார் யார் செய்து தந்தார்கள் என்பது பேச்சில் வந்தது.

சொப்ரானோக்களுக்கு மூச்சைப் பற்றிச் சொன்னேன். நீண்ட வரி ஒன்றை அறாமல் பாட, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒருவர் விடும் இடத்தில் மற்றவர் பிடிக்க வேண்டும், சபைக்கு அது தெரியவே கூடாது. தன் மூச்சைவிட அடுத்தவளுடைய மூச்சைக் கவனிக்கப் பழகுவதற்குப் பல மாதம் எடுக்கும். பேஸ் குரல்காரர்கள் புறக்கோட்டைக் கடைகளைப் பூட்டிவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு வருபவர்கள், பயிற்சியின் முதல் அரை மணிக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள், எனவே மற்றக் குரல்கள் அடித்தளம் இல்லாமலே பாடிப் பழகியிருந்தன. அதற்கு மற்றவர்களுக்கு நன்றி சொன்னேன், பேஸ்காரர்களுக்கு வந்ததற்கு நன்றி சொன்னேன்.

டெனரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். கொழும்புத் தமிழ்க் கொயர் எதிலும் டெனர் தாராளமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு மூன்று இளைஞர்கள் இருப்பார்கள், அவர்கள்தான் முதலில் வெளிநாடு போகிறவர்களும். விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்து, இருக்கிற வரைக்கும் எங்களோடு பாடிய தம்பிமார் பலர். 2007 யூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பிய அந்தக் கிழமை, டெனர் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. 2022இல் நெருக்கடி வந்தபோது திரும்பவும் போனார்கள், இந்த முறை குடும்பம் குடும்பமாக. டெனர் இல்லாமல் போன ஒவ்வொரு முறையும் அல்டோவிலிருந்து குரல் தாழ்ந்த இரண்டு பெண்கள் அந்த வரியை எடுத்துப் பாடினார்கள், கேட்காமலே. இதை நான் சாதாரணமாக, குரலை இறக்காமல் சொன்னேன். மண்டபத்தில் எல்லா வகை ஆட்களும் இருப்பார்கள், மேடை அரசியல் பேசும் இடமில்லை. ஆனால் நடந்ததை நடந்ததாகச் சொல்லலாம், அதை விட்டால் அந்தப் பையன்களுக்கு நன்றி சொல்ல வேறு வழியில்லை.

இதனால்தான் விழாக் குழுவின் ஒரு யோசனையை நான் மறுத்தேன். ஹேடன் 1772இல் எழுதிய பிரியாவிடைச் சிம்பொனி பற்றி யாரோ வாசித்திருந்தார்கள். அதன் கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர்கள் தங்கள் பங்கை முடித்து, மெழுகுதிரியை அணைத்து, ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். அதைப்போல எங்கள் பாடகர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனால் எவ்வளவு உருக்கமாக இருக்கும் என்றார்கள். ஹேடனின் ஆட்கள் நடத்துபவருக்காக அப்படிச் செய்யவில்லை. பிரபு அவர்களைக் கோடை மாளிகையில் அதிக காலம் வைத்திருந்தார், குடும்பங்களிடம் போக விடுங்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் அந்த ஏற்பாடு. அது ஒரு காரணம். மற்றது, எங்கள் கொயரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதை நான் வேண்டிய அளவு பார்த்துவிட்டேன், அதை ஒரு நிகழ்ச்சியாக வேறு பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். செயலாளர் தம்பிக்கு உடனே விளங்கியது.

இறந்தவர்களை எங்கே வைப்பது என்று அதிகம் யோசித்தேன். வழக்கமாகக் கடைசியில் "எம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம்" என்று வரும். அப்படிச் செய்தால் அவர்கள் ஒரு தனிப் பட்டியலாகிவிடுகிறார்கள். அவர்களை அவரவர் குரலுக்குள்ளேயே வைத்தேன். பேஸைப் பற்றிச் சொல்லும்போது, எப்போதும் அரை அடி முந்தி உள்ளே வந்துவிடும் ஒரு அங்கிளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். 2021இல் கொரோனாவில் போனவர். அந்த நாட்களில் இழவு வீட்டில் பாட வழியில்லை, முப்பது வருடம் மற்றவர்களின் அடக்க ஆராதனையில் பாடியவருக்கு நாங்கள் ஒரு பாட்டும் பாடவில்லை. ஆனால் ஒருவருடைய குறையை அவர் இல்லாதபோது மேடையில் சொல்லிச் சிரிப்பது ஆபத்து. அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டேன். "அவர் முந்திப் பாடுறவர் எண்டு சொல்லலாமோ அன்ரி?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லு பிள்ளை, வீட்டிலயும் அவர் எல்லாத்துக்கும் முந்தித்தான். போனதும் அப்பிடித்தானே" என்றார். இன்னொரு குடும்பம் வேண்டாம் என்றது. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அந்த வரியை எடுத்துவிட்டேன். இறந்தவரைப் பற்றி மேடையில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை வீட்டாரிடம் அதே வார்த்தைகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்வன்" என்பது போதாது.

அடுத்தது தொண்டை. பாட்டு நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம், ஆனால் பிரியாவிடை நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களுக்குத் தெரியாது. அழுகை வரும்போது உடம்பு அதிகக் காற்றை எடுக்கக் குரல்வளையின் வாசலை அகலத் திறந்து வைக்கப் பார்க்கிறது. விழுங்குவதற்கோ அது மூடியாக வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதுதான் தொண்டையில் ஏதோ அடைத்தது போல இருக்கும் அந்த உணர்ச்சி. பாடுவதற்கும் குரல் நாண்கள் வந்து ஒட்ட வேண்டும். ஆகவே அழுத கொயர் பாடாது. சுரம் இறங்கும், சொப்ரானோ மேல் சுரத்தில் உடையும். நிகழ்ச்சி நிரலில் என் பேச்சை வைத்து அதற்குப் பிறகு கடைசிப் பாட்டை நான் நடத்துவதாகப் போட்டிருந்தார்கள். நான் மாற்றச் சொன்னேன்: முதலில் பாட்டு, பிறகு பேச்சு, பிறகு சாப்பாடு. சரி என்றார்கள்.

அன்றைக்கு அது நடக்கவில்லை. பிரதம விருந்தினர் நேரத்தோடு போக வேண்டும், என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போக விரும்புகிறார் என்று அறிவிப்பாளர் என் காதுக்குள் வந்து சொன்னார், அதுவும் எனக்குப் பாதிதான் கேட்டது. ஐந்து நிமிடத்தில் மேடை. நல்ல காலம், இப்படி நடக்கலாம் என்று இரண்டு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ஒன்று, பேச்சின் ஒழுங்கு. உருக்கமான பகுதிகளை, அதாவது பேஸ் அங்கிளையும் டெனர் பையன்களையும், நடுப்பகுதிக்கு முன்பே முடித்துவிட்டேன். கடைசியில் இருந்தது 2022 மின்வெட்டுக் கதை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட மின்சாரம் இல்லாத நாட்கள், எந்தப் பகுதிக்கு எப்போது வெட்டு என்று அட்டவணை பார்த்துப் பயிற்சி வைப்போம், அட்டவணை பொய்க்கும். கீபோர்ட் வேலை செய்யாது, தொலைபேசி வெளிச்சத்தில் வாத்தியமில்லாமல் பாடுவோம், நுளம்பு தின்னும். வாத்தியம் இல்லாததால் சுரத்தைத் தங்கள் காதால் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள், அந்த வருடக் கிறிஸ்மசுக்குப் பாடியதுதான் எங்கள் கொயர் பாடியதில் சுத்தமானது என்பது என் எண்ணம். இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது, சிரிப்பு தொண்டையைத் தளர்த்தும்.

இரண்டாவது ஏற்பாடு, பாட்டு. எல்லாருக்கும் மனப்பாடமான, தாள் பார்க்கத் தேவையில்லாத ஒன்றைத்தான் தெரிந்தெடுத்தேன். கண்ணீரில் தாள் தெரியாது. அது எஃப் மேஜரில் உள்ளது. கீபோர்ட் வாசிக்கும் தங்கச்சியிடம் அன்றைக்கு மட்டும் டிரான்ஸ்போஸ் பட்டனில் அரைத் தொனி இறக்கி ஈ மேஜரில் வாசிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு முழுத் தொனி இறக்கினால் சொப்ரானோவுக்கு இன்னும் சுகம், ஆனால் பேஸ்காரர்களுக்கு அடிச் சுரம் எட்டாது. பேச்சு முடிந்ததும் உடனே கை தூக்கவில்லை. எல்லாரையும் எழும்பச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூச்சை முழுதாக வெளியே விடச் சொல்லி, ஒரே சுரத்தில் வாயை மூடிக்கொண்டு முனகச் சொன்னேன். சபைக்கு அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி போலவே இருந்தது. இரண்டு மூன்று நிமிடம் போனது. பாட்டு கடைசிவரை நின்றது, மூன்றாம் பந்தியில் அல்டோ கொஞ்சம் காணாமல் போய்த் திரும்பி வந்தது.

பேசும்போது என் தொண்டை அடைத்த இடமும் உண்டு. அப்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டு, தண்ணீர் ஒரு மிடறு எடுத்து, பின்சுவரிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்தேன். கொயர் நடத்துகிறவருக்குப் பாடகர் கண்ணைப் பார்த்தே பழக்கம், அந்தப் பழக்கம் அன்றைக்கு எதிரி. யாரைப் பார்க்கக்கூடாது என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் போங்கள். எனக்கு அது கீபோர்ட் தங்கச்சி. அவருக்கு நன்றி சொல்லும் வரியைத் தாளைப் பார்த்தே வாசித்தேன். தாளில் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள், ஒலிவாங்கியைக் கையில் தராமல் தாங்கியில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் தாளும் ஒரு கையில் ஒலிவாங்கியும் இருந்தால் கண்ணைத் துடைக்கக் கையில்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபம் இரவு ஒன்பது மணிவரைக்கும்தான். ஏழு பேர் வாழ்த்துரை, அதற்கிடையில் பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒருவரை மேடைக்கு அழைத்து, படம் பிடித்து, இன்னும் ஒருமுறை பிடித்து, இறக்க வேண்டும். அன்பாகத்தான் போர்த்தினார்கள், ஆனால் ஓகஸ்ட் வெக்கையில் ஐந்தாவது பொன்னாடைக்குப் பிறகு எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு மணித்தியாலம் மேலதிகமாக ஓடி, மண்டபத்துக்கு 15,000 ரூபாய் கூடக் கட்ட வேண்டி வந்தது. விழாக் குழுவின் கையில் காசு முடிந்திருந்ததால் அதையும் நானே கொடுத்தேன், வெளியே சொல்லவில்லை. என் பேச்சை மூன்று அளவில் வைத்திருந்தேன்: பன்னிரண்டு நிமிடம், ஏழு நிமிடம், மூன்று நிமிடம். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் போகும், அதை வைத்து எண்ணலாம். மேடைக்குப் போகும்போது மணி எட்டு இருபது, றோல்ஸும் கட்லட்டும் ஆறிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். ஏழு நிமிடத் தாளை எடுத்தேன். நீண்ட பேச்சை நின்ற இடத்தில் குறைக்கப் போனால் யாருடைய வரியாவது அடிபடும், அதனால் குறைத்ததை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. குறைக்கும்போது நான்கு குரலிலும் சமமாகக் குறைக்க வேண்டும், கொயர்காரர்கள் அதை எண்ணுவார்கள்.

பாடாதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் மண்டபக் கதவைப் பயிற்சிக்குத் திறந்து, முடிந்து பூட்டும்வரை வாசலில் இருந்தவர் சிங்களவர், தமிழ் தெரியாது, ஆனால் எந்தப் பாட்டு சரிவரவில்லை என்று அவர் முகத்தில் தெரியும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் ஒவ்வொருவர் பையையும் பார்த்து உள்ளே விட்டவரும் அவரே. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் சொன்னேன், நான்கு வசனம், எழுதி வைத்து, மகளிடம் உச்சரிப்புச் சரிபார்த்து. கடைசியில் "பொஹொம ஸ்துதி" என்றபோது எழுந்து கும்பிட்டார்.

எனக்குப் பிறகு கொயரை எடுத்த பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்: "வருகிற செவ்வாயிலிருந்து நீங்கள் அவருடைய கையைப் பார்க்க வேண்டும்." அவருக்கு மேடையில் புத்திமதி சொல்லக்கூடாது, கொயரிடம் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்கக்கூடாது. இரண்டும் அவரைச் சின்னப் பிள்ளையாக்கிவிடும். சொல்ல இருந்ததை, குறிப்புப் போட்ட பாட்டுத் தாள்களோடு, ஒரு மாலை அவர் வீட்டில் வைத்துச் சொன்னேன்.

முழுப் பேச்சையும், பன்னிரண்டு நிமிட வடிவத்தை, பிறகு தட்டச்சுச் செய்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பினேன். காணொளியை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அதில் இறந்தவர்களைப் பற்றிய பகுதியை மண்டபத்தில் சொல்லத்தான் அந்தக் குடும்பங்கள் சம்மதித்தன, எல்லா வட்ஸ்அப் குழுவிலும் சுற்றுவதற்கு அல்ல. அதனால் திரும்பவும் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டி வந்தது. முதலில் சம்மதம் கேட்கும்போதே படம் பிடிப்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பேஸ் அங்கிளின் மனைவி மட்டும் அனுப்பச் சொன்னார், மெல்பேணில் இருக்கும் மகன் பார்க்க வேண்டுமாம்.